கால்பேக் கொடுத்தால் ஆள் குறையுமா?

கேள்வி: எங்கள் கஸ்டமர் கேரில் நிறைய பேர் லைனில் காத்திருந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். 'நாங்களே திரும்பக் கூப்பிடுகிறோம்' என்ற வசதியைப் போட்டால் ஆட்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார் மேனேஜர். உண்மையா?

கூட்டம் நாள் முழுக்க ஒரே சீராக வருகிற லைன் என்றால் குறையாது. ஒன்றிரண்டு பேர் கூடுதலாகவே தேவைப்படும். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் முட்டி மோதிவிட்டு அப்புறம் ஓய்ந்துவிடுகிற லைன் என்றால் நன்றாகவே குறையும். உங்களுடையது எந்த வகை என்று பார்க்காமல் உங்கள் மேனேஜர் சொல்வதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

சென்னையில் ஒரு கால் சென்டரில் பல வருஷம் ரோஸ்டர் போடுகிற வேலையில் இருந்தேன். ஏசி சர்வீஸ் லைன் ஒன்று எங்களிடம் இருந்தது. மணிக்கு 200 கால், ஒவ்வொன்றும் சராசரியாக 6 நிமிடம். பெருக்கினால் 1200 நிமிடம், அதாவது 20 பேர் ஒரு நொடி ஓயாமல் பேச வேண்டிய வேலை. லைனில் உட்கார்ந்திருந்ததும் சரியாக 20 பேர்தான்.

எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று பார்க்க எல்லோரும் பயன்படுத்தும் எர்லாங் சி கணக்கில் இதைப் போட்டால் அது விடையே தராது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரம் அது. வரிசையில் நிற்பவர் எவ்வளவு நேரமானாலும் நிற்பார், பாதியில் போகவே மாட்டார் என்பது அதன் அடிப்படை. வருகிற வேலையும் ஆட்களும் சமமாக இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும் என்றுதான் அது சொல்லும். 21 பேர் போட்டால் சராசரி காத்திருப்பு நாலரை நிமிடம். 22 என்றால் 1 நிமிடம் 40 விநாடி. நூற்றுக்கு 80 காலை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்ற வழக்கமான இலக்குக்கு 25 பேர் வேண்டும்.

ஆனால் எங்கள் 20 பேரோடு லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சராசரி காத்திருப்பு 20 விநாடிகூட இல்லை. காரணம், நூற்றுக்குப் பத்து பேர் காத்திருக்க மாட்டாமல் போனை வைத்துவிட்டார்கள். பத்து பேர் விலகியதால் மற்ற தொண்ணூறு பேருக்கு வழி கிடைத்தது. 1940களில் ஸ்வீடன்காரர் கோனி பால்ம் இந்தப் பொறுமையையும் கணக்குக்குள் கொண்டுவந்தார். அதைத்தான் இப்போது எர்லாங் ஏ என்கிறோம். ஒருவரின் சராசரிப் பொறுமை 3 நிமிடம் என்று அதில் போட்டால், 20 ஆட்களுக்கு 10 சதவீதத்துக்குச் சற்று மேல் வைத்துவிடுவார்கள், சராசரி காத்திருப்பு 19 விநாடி என்று வரும். எங்கள் ரிப்போர்ட்டில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அந்த 3 நிமிடத்தை எங்கிருந்து எடுத்தேன் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். வைத்துவிட்டவர்கள் சராசரியாக எத்தனை விநாடி காத்திருந்தார்கள் என்று பார்த்து, அதையே பொறுமை என்று எழுதிவிடுவார்கள். எங்கள் லைனில் அது ஒரு நிமிடம்கூட வராது. ஆனால் பொறுமைசாலிகள் வைப்பதற்கு முன்பே அவர்களுடைய காலை யாரோ எடுத்துவிடுகிறார்கள். அவர்களுடைய பொறுமை எங்கே முடிந்திருக்கும் என்று அந்த எண்ணிக்கையில் தெரியாது. சரியான வழி, பேசியவர், வைத்தவர் எல்லோருடைய காத்திருப்பையும் கூட்டி, வைத்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுப்பது. 1000 காலுக்கு மொத்தக் காத்திருப்பு 18,700 விநாடி, வைத்தவர்கள் 104 பேர் என்றால் 180 விநாடி வரும்.

சரி, இப்போது கால்பேக். உங்கள் மேனேஜர் சொன்னதையேதான் எங்கள் கிளையண்ட்டும் சொன்னார். போட்டோம். ஆளைக் கூட்டவில்லை. முதல் வாரம் ரிப்போர்ட் அமர்க்களம், போனை வைப்பவர்களே அநேகமாக இல்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு லைனை மூடும்போது திரும்பக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியல் நீளமாக நின்றது. மறுநாள் காலை அந்தப் பழைய பாக்கியோடுதான் ஷிஃப்ட் தொடங்கியது. வியாழக்கிழமை ஒரு அம்மா எங்கள் ஏஜென்ட்டிடம், "செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன் தம்பி, ஏசியை வேற ஆளை வச்சு சரி பண்ணியாச்சு" என்றார். அந்த காலுக்கும் இரண்டு நிமிடம் போனது.

நடந்தது இதுதான். முன்பு வைத்துவிட்டுப் போனவர்கள் தங்கள் வேலையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மணிக்கு 21 பேர், எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 165 பேர், ஆளுக்கு 6 நிமிடம். பதினாறரை மணி நேர வேலை, அதாவது இரண்டு பேரின் முழு ஷிஃப்ட். கால்பேக் அந்த வழியை அடைத்துவிட்டது. யாரும் பாதியில் போகாத வரிசை, எர்லாங் சி எதைக் கற்பனை செய்ததோ அதேதான், இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. 20 பேருக்கு 20 பேரின் வேலை வந்தால் பாக்கி எப்படித் தீரும்?

இதில் ஒரு திருத்தம் உண்டு. வைத்துவிட்டவர்கள் எல்லோரும் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. பாதிப் பேர் பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிப்பார்கள். அந்த 200 காலுக்குள் அவர்களும் இரண்டாம் தடவையாக எண்ணப்பட்டிருப்பார்கள். அப்படியானால் உண்மையில் மணிக்கு அழைத்தவர்கள் 190 பேர்தான். கால்பேக் வந்தால் மறுபடி அடிப்பது நிற்கும், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிய வேலை 19 பேருக்கானது. ஆக, கூடும் சுமை இரண்டு ஆள் இல்லை, ஒரு ஆள். உங்களுக்கு எது என்று தெரிய, ஒரே எண்ணிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது கால் வருவது எத்தனை என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அந்த எண் இல்லாமல் போடுகிற ரோஸ்டர் குத்துமதிப்புதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. திரும்ப அழைப்பு உறுதி என்றால், 20 விநாடி இலக்கைத் துரத்தி 25 பேரை உட்கார வைக்கத் தேவையில்லை. 22 போதும். சில நிமிடத் தாமதத்தை வாடிக்கையாளர் காதில் போனை வைத்துக்கொண்டு கழிப்பதில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டே கழிக்கிறார். நாங்கள் கடைசியில் நின்றதும் 22இல்தான்.

ஆள் நிஜமாகவே குறையும் இடம் திங்கட்கிழமை காலை மாதிரியான உச்சம். 10 முதல் 11 மணி வரை 260 கால், அதன் பிறகு மணிக்கு 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வழக்கமான இலக்கைத் தொட 31 பேர் வேண்டும். 11 மணிக்குப் பிறகு அவர்களில் எட்டு ஒன்பது பேருக்கு வேலை இருக்காது. நம்மிடம் இருப்பது 22 பேர் என்றால் அந்த மணி நேரத்தில் 220 காலைத்தான் முடிக்க முடியும். 40 கால் தங்கும், அதாவது நாலு மணி நேர வேலை. அப்புறம் 180 காலுக்கு 18 பேர் போதும் என்பதால் நாலு பேர் மிச்சம் போலத் தெரியும். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 22 பேரில் 20 பேருக்கு மேல் விடாமல் பேசிக்கொண்டிருந்தால் யாராலும் நாள் முழுக்கத் தாங்க முடியாது, புதிதாக வருகிற காலும் காத்திருக்கத் தொடங்கிவிடும். மிச்சம் இரண்டு பேர்தான். அவர்கள் நாலு மணி நேர வேலையை முடிக்க இரண்டு மணி நேரம், பகல் ஒரு மணி ஆகும். 'ஒரு மணிக்குள் கூப்பிடுகிறோம்' என்று சொல்லி அதற்கு ஆட்கள் சம்மதித்தால் 31 நாற்காலி 22 ஆகிறது. உங்கள் மேனேஜர் மனதில் இருப்பது இந்தக் கணக்காக இருக்கலாம்.

மே மாதம் வந்ததும் எங்கள் லைனில் 11 மணிக்குப் பிறகும் கூட்டம் 205, 210 என்று நின்றது. பாக்கியைத் தீர்க்கப் பள்ளமே இல்லை. பாக்கி தீராமல் சேர்கிறதா என்று பார்க்க, 20 விநாடிக்குள் எடுத்தது நூற்றுக்கு எத்தனை என்று சொல்கிற சர்வீஸ் லெவலைப் பார்க்காதீர்கள், அது பொய் சொல்லும். கால்பேக் கேட்டவரை 'எட்டு விநாடியில் கையாளப்பட்டார்' என்று எண்ணுகிற ரிப்போர்ட்டுகள் உண்டு. பகல் ஒரு மணிக்குப் பட்டியலில் மிகப் பழையவர் எத்தனை மணிக்குக் கேட்டவர் என்று பாருங்கள். அந்த ஒரு நேரம் தினமும் பின்னால் போய்க்கொண்டிருந்தால் ஆள் போதவில்லை.

திரும்பக் கூப்பிட்டும் எடுக்காதவர்கள் தனித் தொல்லை. அடித்து ஓய்வதற்கு 40 விநாடி என்பது பெரிய செலவில்லை. ஆனால் மிஸ்டு காலைப் பார்த்து அவரே கூப்பிடுவார், வரிசையில் புதிய ஆளாக நிற்பார். நம் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கும். சாயங்காலம் இன்னொரு ஏஜென்ட் அவரைக் கூப்பிட்டு, 'ஏற்கெனவே பேசியாச்சே' என்று வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்த எண்ணிலிருந்து கால் வந்ததும் பட்டியலிலிருந்து பெயர் தானாக நீங்கும்படி முதல் நாளே செய்துவிடுங்கள். எந்த எண்ணிலிருந்து, சுமார் எத்தனை மணிக்குக் கூப்பிடுவோம் என்று எஸ்எம்எஸ் அனுப்புவதும் உதவும். தெரியாத எண்ணை இப்போது யார் எடுக்கிறார்கள்?

கால்பேக்கை எப்போது நீட்டுவது என்பதும் ஆள் கணக்கைச் சேர்ந்ததுதான். 22 பேர், 6 நிமிடக் கால் என்றால் ஏறக்குறைய 16 விநாடிக்கு ஒருவர் காலியாகிறார். முன்னால் 11 பேர் இருந்தால், பன்னிரண்டாவதாக ஒருவர் காலியாகும் வரை மூன்றேகால் நிமிடம். முன்னால் இருப்பவர்களை எண்ணும்போது, இடத்தைப் பிடித்துக்கொண்டு கால்பேக்குக்குக் காத்திருப்பவர்களையும் சேர்க்க வேண்டும். எங்கள் சிஸ்டம் அதை விட்டுவிட்டது. 'ஒரு நிமிடம்' என்று அறிவித்துவிட்டு ஐந்து நிமிடம் நிற்க வைத்தது. மூன்று நிமிடத்துக்குக் கீழே கால்பேக்கை நீட்டாதீர்கள். அரை நிமிடத்தில் பேசத் தொடங்கியிருக்க வேண்டியவரையும் பட்டியலில் ஏற்றிவிடுவீர்கள். மாலையில் ஏழு மணிக்கு லைனை மூடுவதாக இருந்தால், பட்டியலில் இருப்பவர்களோடு ஏழுக்குள் பேசி முடிக்க முடியுமா என்று ஆறு மணிக்கே பாருங்கள். முடியாது என்றால் அந்த நிமிடமே வசதியை நிறுத்தி, 'நாளை காலை 9 முதல் 10க்குள்' என்று மாற்றி, அந்த எண்ணிக்கையை மறுநாள் காலை ரோஸ்டரில் சேர்த்துவிடுங்கள்.