ஓவர்ஃப்ளோ பாட்டில்ல கூலன்ட் கொதிக்குது, ரேடியேட்டர் கேப்தான் காரணமா?

"வண்டிய ஆஃப் பண்ணதும் பாட்டில்ல குபுகுபுன்னு பபிள் வருது, டெம்பரேச்சர் முள்ளு நார்மல்தான். கேப் மாத்தினா போதுமா?"

ஆஃப் பண்ண அப்புறம் மட்டும் வருதுன்னா முதல் சந்தேகம் கேப் மேலதான். ஆஃப் பண்ணதும் பம்ப் நின்னுடும், இன்ஜின்ல இருக்குற சூடு கொஞ்ச நேரம் கூலன்ட்ல ஏறும், கேப் பிரஷர பிடிக்கலன்னா கொதிநிலை இறங்கி ஆவி நேரா பாட்டிலுக்குத்தான் போகும். நல்லா ஆறின பிறகு மட்டும் கேப்ப திறங்க, சூட்டுல தொடவே தொடாதீங்க. ரப்பர் சீல் வெடிச்சிருக்கா, அடியில இருக்குற குட்டி வால்வு ஒட்டிக்கிச்சான்னு பாருங்க. ஆறினதுக்கு அப்புறமும் பாட்டில் நிறைஞ்சு ரேடியேட்டர் குறைஞ்சிருந்தா கூலன்ட் திரும்ப உறிஞ்சப்படல, கேப்போ இல்ல பாட்டிலுக்குப் போற ஹோஸோ லீக்கு. புது கேப் பழசுல போட்டிருக்குற அதே பிரஷர்லயே வாங்குங்க, கூடுதலா போட்டா ஹோஸ் பிச்சுக்கும்.

ஆனா காலைல குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ணதும் பபிள் விடாம வந்தா அது கேப் இல்லங்க, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், ஓட்டாம மெக்கானிக்க வச்சு கூலன்ட்ல எக்ஸாஸ்ட் கேஸ் கலந்திருக்கான்னு டெஸ்ட் எடுங்க.