கணிப்பு சரி, கணக்கு ஏன் கரைகிறது?

"சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்தவன். செம்பனை எண்ணெய் பியூச்சர்ஸில் பாதிக்குப் பாதி சரியாகக் கணிக்கிறேன். பிறகும் ஏன் நட்டம்?"

தம்பி, கணிப்பை விடுங்கள், எத்தனை முறை வாங்கி விற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஓர் ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 1 ரிங்கிட் நகர்ந்தால் உங்களுக்கு 25 ரிங்கிட். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி டன்னுக்கு 1 ரிங்கிட், அதாவது 25 ரிங்கிட், இருவழித் தரகு 35 என்று வையுங்கள்: ஒருமுறை வாங்கி விற்கும் சுற்றுக்கு 60 போய்விடும். நாளுக்கு நான்கு சுற்று, மாதம் 20 நாள் என்றால் 4,800 ரிங்கிட். உங்கள் லாபமும் நட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, இந்தச் செலவுதான் மிஞ்சுகிறது. இந்தியாவின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி ஆராய்ந்தபோது, 2022 முதல் 2024 வரையிலான நிதியாண்டுகளில் பங்கு பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் வாங்கி விற்ற தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டிருந்தார்கள்.

மாத அறிக்கையில் தரகைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். செலவுக்கு முன் சுற்றுக்குச் சராசரி லாபம் 60 ரிங்கிட்டைத் தாண்டாத உத்தியை இன்றே நிறுத்திவிடுங்கள்.