ஒரே குழந்தைக்கு மூன்று பிரசவத் தேதியா?

கேள்வி: எனக்கு பிப்ரவரி 12-ல் மாதவிலக்கு. மாத்திரை கொடுத்து, மார்ச் 10-ம் தேதி ஃப்ரோசன் கருவை (5 நாள் கரு, ஒன்றுதான்) வைத்தார்கள். ஐவிஎஃப் சென்டரில் பிரசவம் நவம்பர் 26 என்கிறார்கள். ஏப்ரல் 9-ல் வீட்டுப் பக்கத்து ஸ்கேன் சென்டரில், “எல்.எம்.பி. படி 8 வாரம், டியூ டேட் நவம்பர் 19, ஆனால் குழந்தை 10 மி.மீ.தான், 7 வார வளர்ச்சிதான் இருக்கிறது” என்றார்கள். இதயத்துடிப்பு இருக்கிறதாம். மொபைல் ஆப்பில் போட்டால் டிசம்பர் 1 என்கிறது. குழந்தை ஒரு வாரம் வளராமல் நின்றுவிட்டதா டாக்டர்?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லைம்மா. ஏப்ரல் 9-ல் உங்களுக்குச் சரியாக 7 வாரம்தான். 7 வாரக் குழந்தை ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். உங்கள் தேதி நவம்பர் 26.

கர்ப்பத்தின் வாரக் கணக்கு, கரு உருவான நாளிலிருந்து தொடங்குவதில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, அதாவது எல்.எம்.பி. எனப்படும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. 14-ம் நாள் முட்டை வெளிவரும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. உங்கள் விஷயத்தில் அந்த அனுமானத்துக்கு இடமே இல்லை. முட்டையும் விந்தணுவும் சேர்ந்தது ஆய்வகத்தில். உள்ளே வைத்த நாளில் கருவின் வயது 5 நாள். அந்த 5-ஐயும் வழக்கமான 14-ஐயும் கூட்டினால் 19. ஆக, கரு வைத்த அன்றே நீங்கள் 2 வாரம் 5 நாள் கர்ப்பிணி. மொத்தம் 280 நாளில் 19 போக மீதி 261. மார்ச் 10-லிருந்து 261 நாள் எண்ணிப் பாருங்கள், நவம்பர் 26-ல் வந்து நிற்கும்.

கையால் போட இன்னொரு வழியும் உண்டு. மார்ச் 10-லிருந்து 19 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 19. அதுதான் உங்கள் கணக்குக்கான எல்.எம்.பி. அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் அதே நவம்பர் 26.

உண்மையில் மாதவிலக்கு வந்தது 12-ம் தேதிதானே என்பீர்கள். ஃப்ரோசன் முறையில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கும்வரை எஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுப்போம். சிலருக்கு அது சீக்கிரம் தயாராகும், சிலருக்குக் கூடுதலாக ஒரு வாரம் ஆகும். உங்களுக்குக் கருவை வைத்தது 27-ம் நாள். அந்தத் தாமதம் கர்ப்பப்பைக்குத்தான், கருவுக்கு இல்லை. கரு எத்தனை மாதம் உறைநிலையில் இருந்தது என்பதும் கணக்கில் வராது. அங்கே அதன் வளர்ச்சி நின்றிருக்கும்.

ஆப் செய்த தவறு வேறு. கரு வைத்த நாளையே கரு உருவான நாளாக நீங்கள் பதிந்திருப்பீர்கள். அதனால் 5 நாள் தள்ளிப்போய் டிசம்பர் 1 ஆகிவிட்டது. “5 நாள் கரு” என்று தேர்வு செய்ய இடமிருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் எல்.எம்.பி. கட்டத்தில் பிப்ரவரி 19 போடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். இயற்கையாகக் கருத்தரித்தவர்களுக்கு, ஆரம்ப ஸ்கேனில் குழந்தையின் அளவு எல்.எம்.பி.யோடு ஒத்துவராவிட்டால் தேதியையே மாற்றுவோம், ஏனென்றால் முட்டை என்று வெளிவந்தது என்று யாருக்கும் தெரியாது. ஐவிஎஃப்பில் அப்படி மாற்றக் கூடாது. கருவின் வயது நமக்கு நாள் கணக்கில் தெரியும். ஒருவேளை உங்கள் குழந்தை 7-ம் வாரத்தில் 5 மி.மீ. மட்டும் இருந்திருந்தால், “தேதி தள்ளியிருக்கும்” என்று ஆறுதல் சொல்ல முடியாது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். நல்ல வேளை, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தேதி ஒரு வாரம் தவறாக ஓடினால் பின்னால் தொந்தரவுதான். குழந்தையின் கழுத்தின் பின்புறத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். நவம்பர் 19 என்று வைத்துக்கொண்டு 11 வாரம் என்று போனால், உண்மையில் 10 வாரம்தான் ஆகியிருக்கும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசியில், “தேதி தாண்டிவிட்டது, வலி வர மருந்து வைப்போம்” என்ற முடிவும் ஒரு வாரம் முன்னதாக வந்துவிடலாம்.

அதனால் ஐவிஎஃப் சென்டரின் டிஸ்சார்ஜ் சம்மரியை எல்லா ஸ்கேனுக்கும் எடுத்துப் போங்கள். அதில் கரு வைத்த தேதியும், கருவின் வயதும் இருக்கும். வயது 5 என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்; சில கரு 6-ம் நாளில்தான் உறைய வைக்கும் நிலையை எட்டும், அப்போது 261-க்குப் பதில் 260. அப்புறம், அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியில் பதியும்போது எல்.எம்.பி. கேட்பார்கள். செவிலியரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி, பிப்ரவரி 19 என்றே பதியச் சொல்லுங்கள்.