பதற்றம் குறைந்த பிறகும் மாத்திரை எத்தனை நாளைக்கு?

"வயது 34. பதற்றத்துக்காக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். நாலு மாதமாக நன்றாக இருக்கிறேன். போன மாதம் நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாளே தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் உணர்வு. பயந்துபோய் மறுபடி போட்டுக்கொண்டதும் சரியானது. இனி ஆயுளுக்கும் மாத்திரைதானா டாக்டர்?"

இல்லை அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நோய் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. மாத்திரையைத் திடீரென்று விட்டதால் வந்த தொந்தரவாகவே தெரிகிறது. நிறுத்திய சில நாளில் தொடங்குவதும், தலைக்குள் ஷாக் அடிப்பதும், மறுபடி போட்டதும் சட்டென்று அடங்குவதும் அதன் அடையாளங்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் சில வாரமோ மாதமோ கழித்து, பழைய பயமாகவே மெல்லத் தலைகாட்டும்.

எத்தனை நாள் என்பதை மாத்திரை தொடங்கிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள். நன்றாக ஆன நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் வரை எஸ்சிட்டலோபிராமைத் தொடர்வது வழக்கம். முன்பே நிறுத்தினால் பதற்றம் திரும்பும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது.

ஆனால் குளோனசெபாம் கதை வேறு. எஸ்சிட்டலோபிராம் வேலை செய்யத் தொடங்கும்வரை, பொதுவாக இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு மட்டும் தேவைப்படுகிற துணை மருந்து அது. மாதக்கணக்கில் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும். சேர்ந்த மாத்திரையில் இருப்பதால் அதுவும் உள்ளே போவது பலருக்குத் தெரிவதே இல்லை. இதை ஒரேயடியாக விட்டால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். அதனால் இன்னொரு முறை அப்படி நிறுத்திப் பார்க்காதீர்கள்.

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்ற முடியுமா என்பதுதான். பிறகு எஸ்சிட்டலோபிராமை அப்படியே வைத்துக்கொண்டு குளோனசெபாமை மட்டும் 0.5-லிருந்து 0.25, அப்புறம் அதில் பாதி என்று சில வார இடைவெளியில் குறைக்கலாம். அது முழுதாக நின்று, நன்றாக இருக்கும் காலமும் போதுமான அளவு ஆன பிறகு எஸ்சிட்டலோபிராம் 10-லிருந்து 5, பிறகு 2.5. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய நாலு வாரம். ஒரு படியில் தலைசுற்றல் அதிகமானால் முந்தைய அளவுக்குப் போய், இன்னும் மெதுவாக இறங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கித் தொந்தரவுதான் கூடும்.

மருத்துவரைப் பார்க்கும்போது "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தூக்கம் எப்படி, தனியாக வெளியே போகிறீர்களா, பயந்து தவிர்க்கும் இடம் ஏதாவது மீதி இருக்கிறதா, முன்பு எத்தனை முறை இப்படி வந்தது என்று சொல்லுங்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். வேலை மாற்றம், வீட்டில் கல்யாணம் போன்ற நெருக்கடியான மாதத்தில் குறைக்கத் தொடங்க வேண்டாம். முழுதாக நிறுத்திய பிறகும் ஆறு மாதம்வரை இடையிடையே போய்க் காட்டுங்கள். அதற்குள் பழைய பயம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.