பங்கின் விலையும் யூனிட்டின் மதிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: முதன்முறையாகச் சேமிக்கப் போகிறேன். பங்கு வாங்கினாலும் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் வாங்கினாலும் கடைசியில் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. பங்கு வாங்கினால் ஒரு நிறுவனத்தின் உடைமையில் சிறு பாகம் நேரடியாக உங்கள் பெயருக்கு வருகிறது. யூனிட் வாங்கினால், பலருடைய பணத்தைச் சேர்த்துப் பல நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் தொகுப்பில் உங்களுக்குப் பாகம் கிடைக்கிறது; அந்த நிறுவனங்களின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது விலை பிறக்கும் விதம். பங்கை உங்களுக்கு விற்பவர் பெரும்பாலும் உங்களைப் போன்ற இன்னொரு முதலீட்டாளர். நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே விலை. யூனிட்டையோ ஃபண்டே புதிதாக உருவாக்கித் தருகிறது, நீங்கள் திருப்பிக் கொடுக்கும்போது அதை நீக்கிவிடுகிறது. ஆகவே அதன் மதிப்பில் பேரத்துக்கு இடமில்லை. தொகுப்பிலுள்ள எல்லாவற்றின் அன்றைய சந்தை மதிப்பிலிருந்து செலவுகளையும் கடன்களையும் கழித்து, மீதியை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே என்ஏவி.

கேள்வி: பங்கு விலை குறைவாக இருக்கும்போது வாங்க வேண்டும் என்பார்கள். புது ஃபண்டின் யூனிட் 10-க்குக் கிடைக்கிறது, பழையது 100. அப்படியானால் புதியதுதானே மலிவு?

பதில்: பங்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை உண்டு. நிறுவனத்தின் உண்மையான மதிப்பைவிடச் சந்தை குறைத்து விலை சொல்லும் காலங்கள் வருவதுண்டு. ஆனால் யூனிட்டின் மதிப்பு தொகுப்பைக் கணக்கிட்டே வருவதால், 10 என்பது மலிவையும் 100 என்பது அதிக விலையையும் காட்டுவதில்லை. இரண்டு ஃபண்டுகளும் ஒரே பங்குகளை ஒரே விகிதத்தில் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். 5,000 போட்டால் ஒன்றில் 500 யூனிட்டும் மற்றதில் 50 யூனிட்டும் கிடைக்கும். அந்தப் பங்குகள் 10 சதவீதம் உயர்ந்தால் மதிப்புகள் 11 ஆகவும் 110 ஆகவும் மாறும். செலவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது இரண்டிலும் 5,500. எனவே யூனிட்டின் எண்ணை விட்டுவிட்டு, தொகுப்பில் என்ன இருக்கிறது, ஆண்டுதோறும் எவ்வளவு செலவு கழிக்கப்படுகிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: என் ஃபண்ட் யூனிட்டுக்கு 1 வீதம் டிவிடெண்ட் கொடுத்தது. ஆனால் 10 ஆக இருந்த மதிப்பு உடனே 9 ஆகிவிட்டது. யாரிடம் புகார் செய்வது?

பதில்: புகார் செய்ய ஒன்றுமில்லை. 500 யூனிட் வைத்திருந்தால் 500 உங்கள் கைக்கு வந்திருக்கும், 4,500 தொகுப்பில் இருக்கும்; கூட்டினால் பழைய 5,000. உங்கள் பாகத்திலிருந்த பணமே இடம் மாறியிருக்கிறது. நிறுவனம் டிவிடெண்ட் தரும்போதும் பணம் அதன் கையிருப்பைவிட்டு வெளியேறுவதால் பங்கின் விலை இறங்குவது வழக்கம், ஆனால் எவ்வளவு என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. அந்தத் தொகையை வருமானம் என்று எண்ணிச் செலவு செய்துவிட்டு, முதலீடு வளரவில்லையே என்று பின்னால் வருந்துபவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: யூனிட்டின் விலையில் பேரமே இல்லை என்றீர்களே. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட மூடிய வகை ஃபண்டுகள் என்ஏவியைவிடக் குறைவாகவே பல மாதங்கள் விற்கின்றனவே?

பதில்: நீங்கள் சொல்வது சரி; நான் பேசியது எந்நாளும் வாங்கவும் திருப்பித் தரவும் முடிகிற திறந்த வகையைப் பற்றி மட்டுமே. மூடிய வகையில் யூனிட்டின் எண்ணிக்கை நிலையானது, வெளியேற விரும்புபவர் வாங்குபவரைத் தேட வேண்டும், அதனால் பங்கைப் போலவே பேரம் உள்ளே வந்துவிடுகிறது. அந்த இடைவெளி சில ஃபண்டுகளில் ஏன் அவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

கேள்வி: அப்பா பங்கு வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபண்டை நடத்தும் நிறுவனம் மூடினால் எனக்கும் அதே கதிதானா?

பதில்: அப்பாவுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. மூடப்படும் நிறுவனத்தின் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்தபின் மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு வரும், பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்ட ஃபண்டின் பங்குகளோ நடத்தும் நிறுவனத்தின் சொத்தில் சேராமல், பொதுவாக, சொத்துகளைப் பாதுகாத்து வைக்கும் வேறொரு நிறுவனமான கஸ்டோடியனிடம் தனியாக இருக்கும். நடத்துபவர் நொடித்தாலும் அவருடைய கடன்காரர்கள் அவற்றைத் தொட முடியாது. தொகுப்புக்குள் இருக்கும் ஒரு நிறுவனம் மூடப்பட்டால், தொகுப்பின் மதிப்பில் அதன் பாகம் 4 சதவீதமாக இருந்தால், உங்களுக்கும் ஏறக்குறைய அந்த 4 சதவீதமே போகும். ஆனால் சந்தை முழுவதும் சரியும்போது இந்த ஏற்பாடு உங்களைக் காப்பாற்றாது. பலர் ஒரே சமயத்தில் பணம் கேட்டால், எளிதில் விற்க முடியாதவற்றை வைத்திருக்கும் ஃபண்ட் பணம் தருவதைச் சில காலம் நிறுத்திவைக்கவும் கூடும்.