எடை மேடையில தப்பு, பேலன்ஸ் ஷீட்ல தப்பே இல்ல: ரெண்டு ஆடிட்டருக்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி: அண்ணா, நான் சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. போன வருஷம் டர்ன்ஓவர் 200 கோடி தாண்டினதால இந்த சீசன்ல இருந்து இன்டர்னல் ஆடிட்டர்னு புதுசா ஒருத்தர் வராரு. எடை மேடையில காலி வண்டி எடை சரியில்லன்னு எழுதி கொடுத்திருக்காரு. "அது உள்வீட்டு விஷயம், வருஷாந்திர ஆடிட்டர் கேட்டா காட்டாத"ன்னு ஜி.எம். சொல்றாரு. ரெண்டு பேருமே சி.ஏ. தானே, ரெண்டு பேரும் அதே பில்லைத்தானே பாக்குறாங்க? யாரு யாருக்கு பதில் சொல்லணும்? நான் காட்டலாமா, கூடாதா?

— சித்தூர் வாசகி

பதில்: முதல்ல உங்க கடைசி கேள்விக்கு நேரா சொல்லிடறேன்மா, வருஷாந்திர ஆடிட்டர் அந்த ரிப்போர்ட்ட கேட்டா மறைக்கக்கூடாது. கம்பெனி சட்டம் 2013, பிரிவு 143 அவருக்கு எல்லா கணக்கு புத்தகத்தையும் வவுச்சரையும் எப்ப வேணா பாக்குற உரிமைய குடுத்திருக்கு, வேண்டிய விளக்கத்த கம்பெனி அதிகாரிங்ககிட்ட கேட்டு வாங்கற உரிமையும் இருக்கு. அதோட அவர் ரிப்போர்ட் கூட போற காரோ 2020 இணைப்புல ஒரு கேள்வியே இருக்கு: கம்பெனியோட அளவுக்கு ஏத்த இன்டர்னல் ஆடிட் முறை இருக்கா, அந்த ரிப்போர்ட்டுகள நீ பாத்தியா? பாக்காம அவர் எதுக்கு பதில் எழுதுவாரு? அதனால ஜி.எம். சொல்ற "உள்வீட்டு விஷயம்" அங்கயே அடிபட்டு போயிடுது.

ஆனா உங்க ஜி.எம்.க்கு அப்படி தோணினதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத புரிஞ்சிக்கணும்னா அந்த எடை மேடை விஷயத்தையே முழுசா எடுத்து பாப்போம். உங்க ரிப்போர்ட்ல என்ன நம்பர் இருக்குன்னு எனக்கு தெரியாது, அதனால நானே ஒரு கணக்கு போட்டுக்கறேன்.

ஜூன் மாசம், தோத்தாபுரி லோடு ஒரு டிராக்டர்ல வருது. வண்டியும் பழமும் சேந்து எடை 8,420 கிலோ. பழத்த இறக்கிட்டு காலி வண்டிய திரும்ப மேடையில ஏத்தி நிறுக்கணும், ஆனா சீசன்ல ரோடு வரைக்கும் வண்டி வரிசை நிக்கும்போது ஆப்பரேட்டர் அந்த வண்டிக்கு ஏற்கனவே பதிஞ்சு வச்சிருக்க 3,150ஐயே கையில அடிச்சிடறாரு. நிகர எடை 5,270ன்னு ஸ்லிப் வருது, அதுக்கு பணம் போகுது. இன்டர்னல் ஆடிட்டர் நேர்ல நின்னு காலி வண்டிய நிறுக்க சொன்னா 3,390 வருது. அப்போ உண்மையான பழம் 5,030 தான், ஒரு லோடுக்கு 240 கிலோ இல்லாத பழத்துக்கு காசு. கிலோ 12 ரூபான்னு வச்சுக்கிட்டா 2,880 ரூபா, இந்த மாதிரி வண்டிங்க சீசன்ல 300 லோடு வந்திருந்தா 8 லட்சத்து 64 ஆயிரம்.

இத அவர் எப்படி பிடிச்சிருப்பாருன்னு கேட்டா, பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. ஸ்லிப் எல்லாத்தையும் வண்டி நம்பர் வாரியா அடுக்கினா போதும். ஓடற வண்டியோட காலி எடை ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாவது மாறும், டேங்க்ல டீசல் எவ்ளோ இருக்கு, காலி கிரேட் எத்தன திரும்ப போகுது, சக்கரத்துல சேறு எவ்ளோ ஒட்டியிருக்கு, எல்லாம் எடைதானே. மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும் ஒரே வண்டிக்கு ஒரு கிலோ மாறாம 3,150, 3,150ன்னு வந்தா அது மேடையில ஏறவே இல்லன்னு அர்த்தம்.

இப்ப வருஷாந்திர ஆடிட்டர் பக்கம் வாங்க. அவர் கேக்கற கேள்வியே வேற. மார்ச் 31 தேதிக்கு உங்க பேலன்ஸ் ஷீட்டும் லாப நஷ்டக் கணக்கும் உண்மையான, நியாயமான நிலையத்தான் காட்டுதா, அவ்ளோதான். அதுக்கு அவர் குடோனுக்கு வந்து மிச்சம் இருக்க கூழ் டிரம்ம எண்ணுவாரு, லாட் நம்பர ரெஜிஸ்டரோட ஒத்து பாப்பாரு. கூழ் விலை விழுந்திருந்தா, அடக்க விலைய விட கம்மியா விக்கற நிலைமை இருக்கான்னு பாத்து ஸ்டாக் மதிப்ப குறைக்க சொல்லுவாரு. பேங்க்ல 5 கோடிக்கு மேல நடைமுறை மூலதனக் கடன் லிமிட் இருந்தா, மூணு மாசத்துக்கு ஒரு தடவ நீங்க பேங்க்குக்கு குடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் புத்தகமும் ஒத்துப்போகுதான்னு பாத்து அதையும் எழுதணும்.

அந்த 8.64 லட்சம் இதுல எங்க மாட்டும்னு தேடி பாருங்க. ஸ்லிப் இருக்கு, பில் இருக்கு, பணம் பேங்க்ல இருந்து போனது உண்மை, கொள்முதல் செலவுன்னு பதிஞ்சதும் சரி. டிரம்ம எண்ணினா எண்ணிக்கையும் சரியா வரும், ஏன்னா திருடு போனது கூழ் இல்ல, வராத பழத்துக்கான காசு. லாபம் கம்மியாத்தான் தெரியும், ஆனா லாபம் நெஜமாவே கம்மியாத்தானே ஆச்சு! அதாவது கம்பெனிய ஒருத்தன் சுரண்டிக்கிட்டே இருப்பான், கணக்கு மட்டும் சுத்தமா இருக்கும். அதுக்கு மேல அவர் எல்லாத்தையும் பாக்கறவர் இல்ல, எவ்ளோ பெரிய தப்பு இருந்தா படிக்கறவங்க முடிவு மாறும்னு ஒரு அளவு வச்சுக்கிட்டுத்தான் சாம்பிள் எடுப்பாரு. வரிக்கு முன்னாடி லாபத்துல 5 சதவீதம்னு எடுக்கறது பொதுவான வழக்கம், லாபம் 8 கோடின்னா 40 லட்சம். நம்ம கணக்கு அதுல கால்வாசி கூட வரல.

ஒரே ஒரு இடத்துல அவருக்கு மூக்குல வாசம் அடிக்க வாய்ப்பு உண்டு, அது ரெக்கவரி. 5,030 கிலோ பழத்துல 55 சதவீதம் கூழ் வந்தா 2,767 கிலோ, ஆனா புத்தகத்துல பழம் 5,270ன்னு இருக்கறதால ரெக்கவரி 52.5 சதவீதம்னு தெரியும். ஏன் குறைஞ்சதுன்னு கேட்டா ஃபேக்டரியில ரெடியா பதில் இருக்கும், இந்த வருஷம் மழை, பழம் அழுகல் ஜாஸ்தி, கொட்டை பெருசு. பழம் பழுக்க வைக்கற எடத்துல நாலஞ்சு நாள் கிடந்து பல லோடு ஒண்ணா கலந்துடறதால, எந்த லோடுல குறைஞ்சதுன்னு பின்னாடி யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. ஏப்ரல்ல குடோன்ல நிக்கற ஆளுக்கு இது தெரிய வழியே இல்ல, ஜூன்ல எடை மேடை பக்கத்துல நின்னவருக்குத்தான் தெரியும். நல்ல இன்டர்னல் ஆடிட்டர்னா அவர் விசாரிக்கறது இந்த ஒரு திருட்ட மட்டும் இல்ல, காலி எடைய கையில அடிக்க சாஃப்ட்வேர் ஏன் விடுது, யார் அனுமதி குடுத்தாங்க, அடுத்த சீசன்லயும் இது நடக்குமா, இதையும் சேத்துத்தான்.

சரி, யார் யாருக்கு? வருஷாந்திர ஆடிட்டர நியமிக்கறது பங்குதாரருங்க, பொதுக்கூட்டத்துல, அஞ்சு வருஷத்துக்கு. அவர் ரிப்போர்ட்டோட முதல் வரிய எடுத்து பாருங்க, உறுப்பினர்களுக்குன்னு, அதாவது பங்குதாரருங்களுக்குன்னு இருக்கும், ஜி.எம்.க்குன்னோ எம்.டி.க்குன்னோ இருக்காது. உங்க கம்பெனியில பங்குதாரரும் டைரக்டரும் அதே குடும்பமா இருக்கலாம், அதனாலதான் இந்த வித்தியாசம் உங்களுக்கு கண்ணுல படல. இன்டர்னல் ஆடிட்டர நியமிக்கறது போர்டு, பிரிவு 138. என்ன பாக்கணும், எத்தன மாசத்துக்கு ஒரு தடவ, எந்த முறையிலங்கறத அவரோட கலந்து பேசி முடிவு பண்றதும் போர்டு தான், ஆடிட் கமிட்டி இருந்தா அவங்க. உங்கள மாதிரி பிரைவேட் கம்பெனிக்கு ஆடிட் கமிட்டி கட்டாயம் இல்ல, அதனால நேரா போர்டு. அவர் கம்பெனி சம்பளத்துல இருக்கற ஆளா கூட இருக்கலாம், சி.ஏ.வா தான் இருக்கணும்னும் இல்ல, காஸ்ட் அக்கவுண்டன்ட்டும் ஆகலாம். ஆனா ஒரே ஆள் ரெண்டு வேலையும் பாக்க முடியாது, பிரிவு 144 தடுக்குது.

நடைமுறையில கோளாறு ஆரம்பிக்கறது இந்த எடத்துலதான். ரிப்போர்ட் போர்டுக்குன்னு சட்டம் சொன்னாலும், டிராஃப்ட் முதல்ல ஃபேக்டரி தலைவர்கிட்டத்தான் போகும், "உங்க பதில் என்ன"ன்னு கேக்கறதுக்கு. அது நியாயமான முறைதான், மறுப்பு சொல்ல அவங்களுக்கும் வாய்ப்பு வேணும். ஆனா பதில் எழுதறதுக்கு பதிலா அந்த பாயிண்டையே தூக்கிட சொல்றது நடக்கும். உங்க ஃபேக்டரியில எப்படின்னு தெரிஞ்சுக்க, டிராஃப்ட்டையும் ஃபைனலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, எடை மேடை பாயிண்ட் "பதிவுகளை மேம்படுத்தலாம்"னு ஒரு வரியா சுருங்கி போயிருந்தா விஷயம் புரிஞ்சிடும். அடுத்த போர்டு மினிட்ஸ்ல இன்டர்னல் ஆடிட் ரிப்போர்ட் வச்சதா பதிவு இருக்கான்னும் பாருங்க, மினிட்ஸ வருஷாந்திர ஆடிட்டர் எப்படியும் படிப்பாரு.

இன்னொரு விஷயம், ஜி.எம். பயப்படறது இதுக்காகவும் இருக்கலாம். ஊழியர் மோசடின்னு தெரிஞ்சா வெளிய சொல்ற கடமை, பிரிவு 143(12), வருஷாந்திர ஆடிட்டருக்கு இருக்கு, இன்டர்னல் ஆடிட்டருக்கு அந்த பிரிவு பொருந்தாது. ஆனா தொகை 1 கோடிக்கு கீழ இருந்தா அவரும் மத்திய அரசுக்கு போக வேண்டியதில்ல, ரெண்டு நாளைக்குள்ள போர்டுக்கு சொல்லணும், அவ்ளோதான். கம்பெனி மேல நடந்த மோசடின்னு காரோலயும் ஒரு வரி வரலாம். ஆப்பரேட்டரும் லோடு அனுப்பற ஏஜென்ட்டும் சேந்து பண்ணதா, இல்ல வரிசைய குறைக்க பண்ண சோம்பேறித்தனமாங்கறது இன்னும் தெரியாது, தெரியறதுக்கு முன்னாடியே மோசடின்னு நீங்க யாரும் முத்திரை குத்த வேணாம்.

ஆனா மறைச்சா தான் நெஜமான சிக்கல். ஆடிட் முடியறப்ப டைரக்டருங்க ஒரு லெட்டர்ல கையெழுத்து போடுவாங்க, எங்களுக்கு தெரிஞ்ச மோசடி, சந்தேகம் எல்லாத்தையும் ஆடிட்டர்கிட்ட சொல்லிட்டோம்னு. ஜி.எம். மறைச்சது பின்னாடி தெரிஞ்சா மாட்டறது முதலாளி. இத ஜி.எம்.கிட்ட நீங்க மரியாதையா, "சார், எம்.டி. கையெழுத்து போடற லெட்டர்ல இந்த வரி வருது, அதான் கேக்கறேன்"ன்னு சொன்னாலே பாதி இறங்கி வருவாரு.

நீங்களா ரிப்போர்ட்ட தூக்கிக்கிட்டு போய் ஆடிட்டர் கையில குடுக்க வேணாம், அது உங்க வேலை இல்ல. ஆடிட் டீம் தேவைப்படற பேப்பர் லிஸ்ட்ட மெயில்ல அனுப்ப சொல்லுங்க. அதுல இன்டர்னல் ஆடிட் ரிப்போர்ட்னு இருந்தா ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு ஃபார்வர்ட் பண்ணி, குடுக்கலாமான்னு மெயில்லயே கேளுங்க. வாய்மொழியா வேணாம்னு சொன்னா, ஆடிட் டீமுக்கு "இது இன்னார்கிட்ட இருக்கு, அவர கேளுங்க"ன்னு பதில் போடுங்க, இல்லவே இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு அவசர வேலை, இந்த சீசன் எடை ஸ்லிப்போட ஆபீஸ் காப்பி கட்டு எல்லாம் இப்ப எடை மேடை ரூம்ல தான் கிடக்கும், அத அக்கவுண்ட்ஸ் பீரோவுக்கு கொண்டு வந்து வச்சு பூட்டுங்க, ஏன்னா சாஃப்ட்வேர்ல இருந்து ஸ்லிப்ப எடையும் நேரமும் மாத்தி திரும்ப அடிக்க முடியும்.