செட்டில்மென்ட்டிலிருந்து ஷிப்ட், ஓ.டி., ஓய்வு விதிகளை ஒரே பக்கத்தில் எடுத்துக் கொடுப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரு பொம்மசந்திராவில் மூன்று ஷிப்ட் ஓடும் தொழிற்சாலையில் ஹெச்ஆரில் இருக்கிறேன். யூனியன் செட்டில்மென்ட் 40 பக்கம். சூப்பர்வைசர்கள் ராத்திரியில் போன் போட்டு, "இவரை ஷிப்ட் முடிந்த பிறகும் நிறுத்தி வைக்கலாமா? நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லலாம்?" என்று கேட்கிறார்கள். இதை அவர்கள் கையில் ஒரு பக்கமாகக் கொடுக்க என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் செட்டில்மென்ட்டின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். "இதில் மாற்றப்படாத மற்றப் பணி நிபந்தனைகள் முன்போலவே தொடரும்" என்கிற பொருளில் ஒரு விதி பெரும்பாலும் அங்கே இருக்கும். புது செட்டில்மென்ட்டில் பேசப்படுவது பெரும்பாலும் சம்பளம்தான். ஷிப்ட் நேரமும் ஓய்வும் அதற்கு முந்தையதிலோ, அதற்கும் முந்தையதிலோ கிடக்கும், இன்றும் செல்லும். ஆகவே பழைய செட்டில்மென்ட்டுகள், இடையில் யூனியனோடு கையெழுத்தான கூட்டக் குறிப்புகள், நிலையாணைகள், கேட் பக்கம் ஒட்டியிருக்கும் வேலை நேர அறிவிப்பு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கன்னடம், ஆங்கிலம் இரண்டிலும் பிரதி இருந்தால் எது செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் சுருக்கி எழுதவே கூடாது. ஒரு தாளில் நிலைமை, விதி எண், அசல் வாசகம், யாருக்குப் பொருந்தும் என்று நான்கு கட்டம் போட்டு, வாசகத்தை அப்படியே இறக்குங்கள். "நிறுத்தலாம்" என்பதும் "நிறுத்த வேண்டும்" என்பதும் வேறு. "சாதாரணமாக" என்ற ஒரு சொல் விடுபட்டால் விதியே மாறிவிடும். வேலை நேரமும் இடைவேளையும் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருப்பவை. அவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது அதன் 9ஏ பிரிவு. புதிய தொழில் உறவுக் கோவையிலும் அந்த விதி இருக்கிறது. சூப்பர்வைசர்களுக்குக் கொடுக்கப்போகும் அந்த ஒரு பக்க அட்டையில் தவறாக எழுதிய ஒரு வரியை ஆறு மாதம் பின்பற்றினால், முன்னறிவிப்பில்லாமல் நிபந்தனையை மாற்றிவிட்டீர்கள் என்று யூனியன் கேட்கும். கேட்பது நியாயமும்கூட.

அடுத்து, விதியை சூப்பர்வைசரின் கேள்வியாகத் திருப்ப வேண்டும். ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிப்ட் 10 முதல் காலை 6. உள்ளே அரை மணி இடைவேளை. ஞாயிறு வார ஓய்வு. ஒருவர் வேலையை முடித்ததற்கும் அடுத்து வேலைக்கு வருவதற்கும் நடுவே 12 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று செட்டில்மென்ட் சொல்கிறது.

வியாழன் இரவு ரிலீவர் வரவில்லை. பி ஷிப்ட் ஆபரேட்டரை 12 மணி வரை நிறுத்துகிறார்கள். 12 மணி நேரம் கூட்டினால் வெள்ளி பகல் 12. அவருடைய ஷிப்ட் 2 மணிக்குத்தான் என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் காலையில் ஆள் குறைகிறது என்று அவரையே 10 மணிக்கு வரச் சொன்னால் ஓய்வு இரண்டு மணி நேரம் குறைந்துவிடும். நள்ளிரவில் சூப்பர்வைசர் இந்தக் கணக்கைப் போடும்படி விடக்கூடாது. "12 மணி நேர ஓய்வு" என்பதற்குப் பதில் அட்டையில் கடிகார நேரத்தையே எழுதுங்கள்: இரவு 10-க்கு விட்டால் காலை 10-க்கு முன் கூப்பிடாதே, 11-க்கு விட்டால் 11, 12-க்கு விட்டால் பகல் 12.

ஓய்வு எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். மெஷினை விட்டது 12:00, கை கழுவி பஞ்ச் அடித்தது 12:20 என்றால் எதை எடுப்பது? வாசகத்தில் தெளிவில்லை என்றால் நீங்களாக முடிவு செய்யாமல் யூனியனோடு பேசி எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பின்னால் வரும் நேரத்தையே எடுப்பது பாதுகாப்பு.

அதே இரவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. அவர் சாப்பாட்டு இடைவேளை 6 முதல் 6:30 என்றால், 12 மணிக்கு அவர் ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து வேலை செய்திருப்பார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த பொது அளவு 5 மணி நேரம். அதற்குள் அரை மணி ஓய்வு தர வேண்டும். ஆக 11:30-க்குள் இரண்டாவது இடைவேளை. அதே ஆள் 7 மணிக்குச் சாப்பிடப் போயிருந்தால் இது தேவைப்படாது. எனவே ஓ.டி. வரிக்குப் பக்கத்திலேயே "கடைசி இடைவேளை எப்போது முடிந்தது?" என்ற கேள்வி இருக்கட்டும். கர்நாடகம் 2023-இல் வேலை நேர விதிகளைத் திருத்தியிருப்பதால், உங்கள் ஆலைக்கு இப்போது பொருந்தும் எண்ணைச் சரிபார்த்து எழுதுங்கள். சட்டம், செட்டில்மென்ட் இரண்டில் தொழிலாளிக்கு எது சாதகமோ அதுதான் அட்டையில் வரவேண்டும்.

மிகவும் தவறு நடக்கும் இடம் சனி சி ஷிப்ட். சனி இரவு 10-க்கு வந்தவருக்கு ஞாயிறு காலை 6-க்கு ஷிப்ட் முடிகிறது. நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாள் கணக்கு. அவருடைய வார ஓய்வு ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்றது தொழிற்சாலைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. அவரை 8 மணி வரை நிறுத்தினால் அந்த இரண்டு மணி நேரம் வெறும் ஓ.டி. இல்லை, வார ஓய்வுக்குள் வாங்கிய வேலை. அதற்கு செட்டில்மென்ட்டில் தனி விதியும் மாற்று விடுமுறையும் இருக்கும். அட்டையில் இதற்கு ஒரே வரி போதும்: "சனி சி ஷிப்ட் ஆளை ஹெச்ஆரைக் கேட்காமல் நிறுத்தாதே." ஷிப்ட் சுழற்சியையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். அவர் திங்கள் ஏ ஷிப்ட்டுக்கு வந்தால் ஓய்வு சரியாக 24 மணி, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பி ஷிப்ட்டுக்கு வந்தால் 32 மணி.

அட்டையில் வைக்கக் கூடாதவையும் உண்டு. ஓ.டி. தொகைக் கணக்கு வேண்டாம், அது பேரோல் வேலை. மூன்று மாத ஓ.டி. உச்சவரம்பும் வேண்டாம், யார் எவ்வளவு செய்திருக்கிறார் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. வரம்பை நெருங்கியவர்களின் பட்டியலை வாராவாரம் தனியாகக் கொடுங்கள். ஆனால் யாருக்குப் பொருந்தும் என்பது அட்டையின் தலையிலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், டிரெய்னி ஆகியோருக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தாமல் போகலாம்.

அச்சடிக்கும் முன் சென்ற மாத பஞ்ச் பதிவை எடுத்து, ஒரே ஆளின் வரிகளை எக்செல்லில் வரிசையாக வையுங்கள். ஏ நெடுவரிசையில் வந்த தேதி-நேரம், பி-இல் போன தேதி-நேரம். 3ஆம் வரியில் இதைப் போட்டு, அந்தக் கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றிக் கீழே இழுங்கள்:

```
=(A3-B2)*24
```

12-க்குக் கீழே வரும் ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு சோதனைக் கேள்வி. இவற்றில் பத்தை எடுத்து, என்ன நடந்தது என்று சொல்லாமல், இரண்டு சூப்பர்வைசர்களிடமும் ஒரு யூனியன் பொறுப்பாளரிடமும் அட்டையைக் கொடுத்து, தனித்தனியாகப் பதில் எழுதச் சொல்லுங்கள். மூவரும் வேறுபடுகிற வரியை மாற்றி எழுத வேண்டும். மூவரும் ஒத்துப்போய் பேரோலில் மட்டும் வேறாக இருந்தால், அட்டெண்டன்ஸ் மென்பொருள் நள்ளிரவில் நாளை வெட்டுகிறதா என்று பாருங்கள். 12:30 வரை நின்றவரின் இரண்டரை மணி ஓ.டி. இரண்டு மணி, அரை மணி என்று இரண்டு நாளாகப் பிரிந்திருக்கும். "அரை மணிக்கு மேல் இருந்தால்தான் கணக்கு" என்று செட்டில்மென்ட்டில் இருந்தால் அந்த அரை மணி காணாமலே போயிருக்கும்.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் விதி எண்ணும் செட்டில்மென்ட் ஆண்டும், கீழே அட்டையின் தேதியும் போடுங்கள். புது அட்டை கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டே கொடுங்கள்.